கொள்ளை என்றவருக்குப் பதில் எழுதுவது எப்படி?

கேள்வி: மாட்டுத்தாவணியில் சொந்தமாக 3 வண்டி வைத்து லாரி செட் நடத்துகிறேன். 14 அடி ஐச்சரில் அப்பள லோடு ஏற்றி, கூடுவாஞ்சேரி குடோன் ஒன்றில் இறக்கினோம். வெள்ளிக்கிழமை காலை 5.45-க்குப் போன வண்டி ஞாயிறு பகல் 11.15-க்குத்தான் காலியானது. வாடகை 24,000, இறக்குக்கூலி 1,800, ஹால்டிங் 2 நாளுக்கு 4,000 என்று பில் போட்டேன். அட்வான்ஸ் 10,000 போக பாக்கி 19,800. ஒன்பதாம் நாள் பார்ட்டியிடமிருந்து வாட்ஸ்அப்: “வண்டி 9.20-க்குத்தான் உள்ளே வந்தது. ரெண்டு நாள் ஹால்டிங் பகல் கொள்ளை. பில்லை சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் காசு.” நான் எழுதிவைத்திருக்கும் பதிலை இணைத்துள்ளேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பலாமா?

— வாசகர், மதுரை

பதில்: அனுப்பாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் பதில் இது:

“அண்ணாச்சி, இருபது வருஷமா தொழில் பண்றேன், என்னைக் கொள்ளைக்காரன்னு சொன்ன மொத பார்ட்டி நீங்கதான். எங்க டிரைவர் ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம உங்க கேட்டுல கிடந்தான். உங்க ஆளுங்க சோம்பேறித்தனத்துக்கு நாங்க தண்டம் கட்டணுமா? வண்டி 5.45-க்கே வந்துருச்சு, டிரைவர் பொய் சொல்ல மாட்டான். காசு குடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லுங்க.”

ஒரு பென்சிலை எடுத்து, எந்த வரிக்குக் கையில் காகிதம் இருக்கிறதோ அதற்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். 5.45-க்கு ஒன்று விழும். பரனூர் டோலைத் தாண்டியபோது உங்கள் போனுக்கு வந்த பாஸ்டேக் மெசேஜில் 5.10 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து கூடுவாஞ்சேரிக்கு விடிகாலையில் அரை மணி நேரம் என்பது பொருந்துகிறது. ஆக, டிரைவரின் யோக்கியதையை நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடவே வேண்டாம். ‘சோம்பேறித்தனம்’ என்ற இடத்தில் பென்சில் நின்றுவிடும். சனிக்கிழமை சரக்கு இறங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் இறங்கவில்லை என்பது தெரியாது. கூலியாள் வராமல் இருந்திருக்கலாம், குடோனில் இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். காரணத்தை நீங்களாக ஊகித்து எழுதினால், அவர் அந்த ஊகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார். ஹால்டிங் ஓரமாய்ப் போய்விடும்.

இதே பென்சிலை அவர் மெசேஜிலும் ஓட்டுங்கள். ‘பகல் கொள்ளை’யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு: வண்டி வந்த நேரம் 9.20, இரண்டு நாள் என்ற கணக்கு சரியில்லை. நீங்கள் முதலாவதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைத் தொடவே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோடு பேசியபோது நீங்கள் அனுப்பிய ரேட் மெசேஜில் இருப்பது இவ்வளவுதான்: “24 மணி நேரம் ஃப்ரீ, அதுக்கு மேல ஹால்டிங் நாளைக்கு 2,000.” உங்கள் நேரப்படி வெள்ளி 5.45 முதல் ஞாயிறு 11.15 வரை 53 மணி 30 நிமிடம். ஃப்ரீ போக 29 மணி 30 நிமிடம். அவர் நேரப்படி, அதாவது எல்.ஆர். காப்பியில் உள்ள கேட் சீல்படி, 49 மணி 55 நிமிடம். ஃப்ரீ போக 25 மணி 55 நிமிடம். 5.45-ஆ 9.20-ஆ என்று இருவரும் மல்லுக்கு நிற்கிறீர்கள். ஆனால் எப்படிப் பார்த்தாலும் ஒரு முழு நாளுக்கு மேல், இரண்டு நாளுக்குக் கீழ். எனவே வந்த நேரத்தில் யார் ஜெயித்தாலும் பில்லில் ஒரு ரூபாய் மாறாது.

மாறுவது ஒன்றில்தான்: நாள் முழுசாக ஆகாமல் சில மணி நேரம் போனால் அதையும் ஒரு நாளாக எண்ணலாமா? உங்கள் செட்டில் அது வழக்கமாக இருக்கலாம். ஆனால் மெசேஜில் இல்லை. அவர் கணக்கில் ஒரு மணி 55 நிமிடத்துக்கு 2,000 ரூபாய் கேட்கிறீர்கள். அவருக்கு ஏன் ‘கொள்ளை’ என்று வாயில் வந்தது என்பது இப்போது புரிகிறதா? மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பிடித்த இரண்டு பேருக்கு மட்டும் அது தெரியும். உங்கள் விதி உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ரேட் எழுதியவர் நீங்கள். எழுதாமல் விட்டதன் நஷ்டமும் உங்களுடையது என்பது என் தீர்ப்பு. ஒரு நாள் ஹால்டிங்கை விட்டுவிடுங்கள். மிச்ச ஐந்தரை மணிக்கு விகிதம் போட்டு 458 ரூபாய் கேட்கலாமா என்று தோன்றும்; வேண்டாம். அதுவும் முன்பு சொல்லாத இன்னொரு விதி. மற்ற ஒரு நாளை மட்டும் விடாதீர்கள், அதற்குக் காகிதம் பலமாக இருக்கிறது.

இனி பதிலை இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணாச்சி. ஹால்டிங் பற்றிய உங்கள் மெசேஜ் கிடைத்தது. உங்கள் கேட் சீல்படி வண்டி உள்ளே வந்தது வெள்ளி காலை 9.20, வெளியே போனது ஞாயிறு 11.15. பேசியபடி 24 மணி நேரம் ஃப்ரீ போக, 25 மணி 55 நிமிடம் வருகிறது. அதில் ஒரு முழு நாளுக்கு 2,000. மிச்ச நேரத்தை இரண்டாம் நாளாகப் போட்டிருந்தோம். அப்படி எண்ணுவோம் என்று ரேட் மெசேஜில் சொல்லவில்லை, அது எங்கள் தவறு. அந்த 2,000-க்கு கிரெடிட் நோட் அனுப்பியிருக்கிறோம். பாக்கி 17,800. ஒரு நாள் ஹால்டிங்கிலும் உங்களுக்குக் கேள்வி இருந்தால் அதை மட்டும் நிறுத்திவைத்து, வாடகையிலும் கூலியிலும் உள்ள பாக்கி 15,800-ஐ இந்த வாரம் போட்டுவிடுங்கள். எல்.ஆர். படம் இணைத்துள்ளேன்.”

இதில் ‘கொள்ளை’ என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். “நாங்கள் கொள்ளையடிக்கவில்லை” என்று மறுத்தால்கூட அந்தச் சொல்லை இன்னொரு முறை மேசையில் வைத்த மாதிரிதான். பாஸ்டேக் மெசேஜையும் காட்டவில்லை. அவருடைய நேரத்தையே எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்லும்போது அவர் மறுக்க என்ன இருக்கிறது? அது பின்னால் தேவைப்பட்டால் உதவும், அழிக்காதீர்கள். “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்ற பொதுவான வரியையும் வேண்டுமென்றேதான் விட்டேன். எதற்கு என்று சொல்லாத வருத்தம், மொத்தப் பில்லும் தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரிப் படிக்கப்படும். தவறு எதுவோ அதை மட்டும் பெயர் சொல்லிவிட்டோம்.

பில்லை அடித்துத் திருத்தி வேறு பில் கொடுக்காதீர்கள். பழைய பில் எண்ணையும் தேதியையும் குறித்து கிரெடிட் நோட் போடுங்கள். வரியை பார்ட்டியே கட்டும் ஆர்சிஎம் முறையில் பில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 5 சதவீதத்தில் அவருக்கும் 100 ரூபாய் குறையும். கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் மொத்தப் பணத்தையும் பிடித்துவைத்தால்? உங்களிடம் உத்யம் பதிவு இருக்கிறது, நீங்கள் செய்தது சேவை. சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். சேவை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாங்கியவருக்கு உரிமை உண்டு. அவர் ஒன்பதாம் நாளிலேயே சொல்லிவிட்டார், அதனால் “லேட்டாகச் சொன்னீர்கள்” என்று மடக்க முடியாது. ஆனால் அவர் ஆட்சேபித்தது ஹால்டிங்கை மட்டும். 15,800-ஐப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை, அதனால்தான் அந்தத் தொகையைப் பதிலில் தனியாகப் பிரித்து எழுதினோம். சட்டத்தை இந்தப் பதிலில் இழுக்காதீர்கள். 40-ஆம் நாள் வரை அது பீரோவிலேயே இருக்கட்டும்.

அடுத்த லோடுக்கு ரேட் மெசேஜில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “கேட் முன்னால் வண்டி நின்ற நேரத்திலிருந்து 24 மணி ஃப்ரீ, அதன்பின் 6 மணி வரை அரை நாள், அதற்கு மேல் முழு நாள்.” டிரைவரிடம், கேட் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தால் போர்டு தெரிய ஒரு போட்டோ எடுத்து, உங்களுக்கும் பார்ட்டிக்கும் அப்போதே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.