13.6 வோல்ட்டை நம்பலாமா?

மாணவர்களே, கோப்பெங்கில் உள்ள ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மின்வெட்டின்போது கணினிகள் அணையாமல் காக்க அங்கே ஒரு யுபிஎஸ் இருக்கிறது. அதன் 12 வோல்ட் பேட்டரி தினமும் 13.6 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறதா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. மின்சாரம் இருக்கும்வரை நாம் பார்ப்பது, பேட்டரிக்கு மின்னேற்றி கொடுக்கும் மின்னழுத்தம். பேட்டரியின் உண்மையான பலம் மின்வெட்டின்போதுதான் தெரியும்.

பதிவேட்டைப் புரட்டுவோம். ஜனவரி மின்வெட்டில், முதல் நிமிட முடிவில் 12.2 வோல்ட், பேட்டரி 20 நிமிடம் தாங்கியது. செப்டம்பரில் 11.2 வோல்ட், 9 நிமிடமே தாங்கியது. இருமுறையும் மின்னோட்டம் 10 ஆம்பியர்தான்.

குறைந்த 1 வோல்ட் எங்கே போனது? பேட்டரிக்கு வயதாகும்போது ஈயத் தகடுகள் அரிக்கப்படும், உள்ளிருக்கும் நீர் குறையும். அதனால் உள்தடை உயரும். ஓம் விதிப்படி 1 ÷ 10 = 0.1 ஓம் கூடியிருக்கிறது. அந்த 1 வோல்ட் உள்ளேயே வெப்பமாக வீணாகிறது.

கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும் என்பது பொறியாளர்களின் வழக்கம். 20 நிமிடத்தில் 80 விழுக்காடு 16 நிமிடம். ஆகவே 9 நிமிடம் என்பது தாமதமான எச்சரிக்கை.

ஒப்பிடும் முன் இரண்டைச் சரிபாருங்கள்: இணைத்த கருவிகள் மாறவில்லையா? முந்தைய மின்வெட்டுக்குப் பின் பேட்டரி முழுதாக மின்னேறியதா? இல்லையென்றால் நல்ல பேட்டரிமீதே பழி விழும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் கணக்கு வேண்டாம். தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள், உடனே மாற்ற வேண்டும்.