திரும்பி வந்த பத்துச் சேலையும் 500 ரூபாய் வித்தியாசமும்

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறோம். ‘முதலில் வந்தது முதலில் போகும்’ முறையில்தான் அடக்கம் போடுகிறோம். தீபாவளி முடிந்து மேலூர்க் கடையிலிருந்து சரக்கு திரும்பிய பிறகு, ஸ்டாக் மதிப்பு ரிப்போர்ட்டும் பேரேடும் ஒத்துப்போகவில்லை. எது தப்பு?

பதில்: முதலில் வித்தியாசத் தொகையைத் திரும்பி வந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அது இரண்டு லாட்டுகளின் விலை வித்தியாசத்துக்குச் சமமாக வந்தால், யாரும் தப்புப் பண்ணவில்லை. ஒரே முறையை இரண்டும் இருவிதமாகக் கணக்கிட்டிருக்கின்றன.

ஓர் உதாரணம். முதல் லாட் 100 சேலை, அடக்கம் 400 ரூபாய். இரண்டாவது லாட் 100, அடக்கம் 450. மேலூருக்கு 60 விற்றீர்கள். பிறகு திருமங்கலத்துக்கு 70. முதல் லாட் முழுதும், இரண்டாவதில் 30-ம் போயாச்சு. கையில் 70 இருக்கிறது. இப்போது மேலூரிலிருந்து 10 திரும்புகிறது.

பேரேட்டில் பழைய பில்லைப் பார்த்து அந்தப் பத்தையும் 400-க்கே வரவு வைப்பார்கள். சரக்கு மதிப்பு 35,500 ஆகும். ரிப்போர்ட்டோ எந்தப் பில் என்று பார்ப்பதில்லை. மீதி 80, கடைசி லாட்டில் 100 வந்திருக்கிறது, ஆக எல்லாமே 450 என்று 36,000 காட்டும். வித்தியாசம் 500, ஒரு சேலைக்கு 50.

வகுத்து வருவது 50 அல்லாமல் 150 என்றால் காரணம் வேறு. பேரேட்டில் 600 ரூபாய் விற்பனை விலையையே அடக்கமாக ஏற்றியிருப்பார்கள். அந்தப் பதிவைத் திருத்தியே ஆக வேண்டும்.

500-ஐ சஸ்பென்ஸில் தள்ளாதீர்கள். பேரேட்டில் திரும்பிய பத்தும் பழைய லாட்டாக வரிசையின் முன்னால் நிற்கின்றன. அடுத்த பத்து விற்றதும் அவை 400-க்கு வெளியேறும்; இரண்டிலும் 70 சேலை, 31,500 என்று வந்துவிடும். இடையில் 500-ஐச் சரிக்கட்டிப் பதிவு போட்டிருந்தால், அப்போது பேரேடு 500 கூடுதலாகக் காட்டும்.

சிக்கல் மார்ச் 31-ஐத் தாண்டி நின்றால்தான். அதற்குள் ஒரு முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். சேலை எந்த அடக்கத்தில் போனதோ அதிலேயே திரும்புவதுதான் என் பரிந்துரை. கிரெடிட் நோட்டைப் பழைய பில் எண்ணோடு இணைத்துப் போடுங்கள். உங்கள் மென்பொருள் அதை ரிப்போர்ட்டில் ஏற்காவிட்டால், பேரேட்டுத் தொகையையே வைத்து, 500-க்கான கணக்கை ஒரு தாளில் எழுதி ஆடிட்டரிடம் கொடுங்கள். ரிப்போர்ட் தொகையை ஏற்பதானால் சரிக்கட்டும் பதிவை ஏப்ரல் 1-ல் திருப்பிப் போடுங்கள்.

திரும்பிய சேலையில் கறையோ சாயம் போனதோ இருந்தால் 400-ம் கிடையாது. விற்றால் கையில் நிற்கும் தொகை அடக்கத்தைவிடக் குறைவென்றால், அந்தக் குறைந்த தொகைதான் அதன் மதிப்பு.