எச்.ஆர். ரெஃபரன்ஸ் கேட்டா, நம்பர் அனுப்புறதுக்கு முன்னாடி அனுப்ப வேண்டிய ஒரு மெசேஜ்

இன்டர்வியூ எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். சம்பளம் கூட பேசியாச்சு. அப்போ எச்.ஆர்.கிட்ட இருந்து ஒரு மெயில் வரும்: "உங்களோட வேலை பார்த்த ரெண்டு பேரோட பெயர், பதவி, போன் நம்பர், மெயில் ஐ.டி. அனுப்புங்க." நம்மள்ல பல பேர் அஞ்சு நிமிஷத்துல போன்ல இருந்து ரெண்டு நம்பரை எடுத்து அனுப்பிடுவோம். அந்த அஞ்சு நிமிஷ அவசரம் என்ன பண்ணும்னு எனக்கு நேர்ல தெரியும், ஏன்னா அந்த போனை எடுத்தவன் நான்தான்.

20-ஆம் தேதி வந்த போன்

என் ஆபீஸ்ல மூணு வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணின ஒரு தம்பி. முடிச்சிட்டு ஒரு கம்பெனியோட அக்கவுன்ட்ஸ்ல சேர்ந்தார். கொஞ்ச நாள் கழிச்சு வேற இடத்துல சீனியர் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு அப்ளை பண்ணி, என் நம்பரை ரெஃபரன்ஸா கொடுத்திருக்கார். என்கிட்ட சொல்லலை.

போன் வந்தது மாசம் 20-ஆம் தேதி, சாயங்காலம். ஜி.எஸ்.டி.ஆர்-3பி ஃபைல் பண்ண பல பேருக்குக் கடைசி நாள். "இவர் ஜி.எஸ்.டி. ரீகன்சிலியேஷனைத் தனியா பார்த்துக்கிட்டாரா சார்?"னு கேட்டாங்க. எனக்கு அவர்னாலே ஸ்டாக் ஆடிட்டுக்குக் குடோன் குடோனா ஏறி இறங்கினதுதான் ஞாபகம். "ஸ்டாக் ஆடிட் நல்லா பண்ணுவார், ஜி.எஸ்.டி. பத்தி சரியா ஞாபகம் இல்லை"ன்னு சொல்லிட்டேன்.

ராத்திரி வீட்டுக்குப் போனப்போதான் உறைச்சுது. கடைசி வருஷம் ரெண்டு கிளையன்ட்டோட பர்ச்சேஸ் பில்லை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோட ஒப்பிட்டுப் பார்த்தது அவரேதான். ஒரு வாரம் கழிச்சு, அந்த வேலை கிடைக்கலைன்னு சொன்னார். என் பதில்தான் காரணமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அது அவருக்கு உதவலைங்கிறது மட்டும் நிச்சயம்.

யாரும் இங்க பொய் சொல்லலை. ரெஃபரன்ஸ் கொடுக்கிறவருக்கு உங்களைப் பத்தின ஞாபகம் வேற, ரெஸ்யூமேல இருக்கிறது வேற. இந்த இடைவெளியைத்தான் நாம முன்கூட்டியே அடைக்கணும்.

முதல்ல எச்.ஆர்.க்கு ஒரு நாள் டைம் கேளுங்க

நம்பரை உடனே அனுப்ப வேண்டாம், பதிலை உடனே அனுப்புங்க. இப்படி எழுதலாம் (ஆபீஸ் மெயில்னா இதையே இங்கிலீஷ்ல எழுதிக்கோங்க):

"வணக்கம். இருவரின் விவரங்களையும் நாளை மாலைக்குள் அனுப்புகிறேன். அதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் வேலை மாறுவது இப்போதைய நிறுவனத்தில் இன்னும் தெரியாது. எனவே அங்கே யாரையும் இப்போது தொடர்புகொள்ள வேண்டாம். ஆஃபர் லெட்டர் வந்து, நான் ராஜினாமா கொடுத்த பிறகு அங்கே விசாரிக்கலாம்."

கடைசி மூணு வரி ரொம்ப முக்கியம். இப்போ இருக்கிற மேனேஜர் நம்பரை இந்த நேரத்துல கொடுத்து, புது வேலையும் கிடைக்கலைன்னா, "இவன் கிளம்பப் போறான்"ங்கிற பேரோட அங்கேயே உட்காரணும். அப்ரைசல் நேரமா இருந்தா இன்னும் சிக்கல். இப்போதைய கம்பெனியில விசாரிக்கக் கூடாதுன்னு கேட்கிறது எச்.ஆர்.க்குப் பழகின விஷயம்தான், தயங்க வேண்டாம்.

அப்போ யார் பெயரைக் கொடுக்கிறது? பழைய கம்பெனி மேனேஜர், இல்லன்னா இப்போதைய கம்பெனியில உங்களுக்கு மேல இருந்து வேற இடத்துக்குப் போயிட்ட டீம் லீட். முதல் வேலையா இருந்தா, ஆர்ட்டிகிள்ஷிப்லயோ இன்டர்ன்ஷிப்லயோ உங்க வேலையை நேரா பார்த்தவர். பெரிய பதவியில இருக்கார்னு, உங்க வேலையைப் பார்க்காத ஒருத்தரைக் கொடுக்காதீங்க. ரெண்டாவது கேள்விக்கே அவர் தடுமாறுவார்.

ரெஃபரன்ஸ் கொடுக்கிறவருக்கு மெசேஜ்

முதல்ல சம்மதம் கேளுங்க. "இல்லை"ன்னு சொல்ல அவருக்கு வழி விட்டுக் கேளுங்க. சில கம்பெனிகள்ல மேனேஜர் யாரும் ரெஃபரன்ஸ் கொடுக்கக் கூடாது, எல்லாம் எச்.ஆர். வழியாத்தான்னு விதி இருக்கும். "எச்.ஆர்.கிட்ட கேட்டுக்கச் சொல்லுப்பா"ன்னோ, "பார்க்கலாம்"ன்னோ இழுத்தா, நன்றி சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க. அரைமனசா கிடைக்கிற ரெஃபரன்ஸ் போன்லயே தெரிஞ்சிடும்.

சம்மதிச்சதும் ஒரு சின்ன மெசேஜ். அடுத்த தடவை அதே தம்பி எனக்கு அனுப்பினது ஏறக்குறைய இப்படி இருந்துச்சு:

"சார், ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. ஒரு உற்பத்தி கம்பெனியில சீனியர் அக்கவுன்ட்ஸ் வேலை. புதன் அல்லது வியாழன் அவங்க எச்.ஆர். போன் பண்ணுவாங்க, புது நம்பரா இருக்கும். உங்க ஆபீஸ்ல நான் இருந்தது 2019 ஆகஸ்ட்ல இருந்து 2022 ஜூலை வரை. அவங்க முக்கியமா ஜி.எஸ்.டி. பத்திக் கேட்பாங்க. கடைசி வருஷம் ரெண்டு கிளையன்ட்டுக்கு 2பி ரீகன்சிலியேஷன் நான் பார்த்தேன், நீங்க செக் பண்ணுவீங்க. ஸ்டாக் ஆடிட்டும் ரெஸ்யூமேல இருக்கு. இதுல ஏதாவது தப்பா ஞாபகம் வெச்சிருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். எந்த நேரம் உங்களுக்குச் சரியா இருக்கும்?"

படிக்க அரை நிமிஷம். என்ன வேலை, யார் எப்போ கூப்பிடுவாங்க, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வேலையைப் பத்திப் பேசணும், எல்லாம் இருக்கு. "நல்லா சொல்லுங்க சார்"னு ஒரு வார்த்தை இல்லை கவனிச்சீங்களா? "நீங்க செக் பண்ணுவீங்க"ங்கிற வரி எனக்குப் பிடிச்சது. தனியா பண்ணினேன்னு ஏத்திச் சொல்லியிருந்தா, நான் போன்ல மறுத்திருப்பேன். ரெஸ்யூமேயும் ஒட்டுமொத்தமா சந்தேகத்துக்கு வந்திருக்கும். போன் வந்தப்போ ரெண்டு வேலையைப் பத்தியும் தயங்காம சொன்னேன்.

தேதியை எங்கிருந்து எடுக்கணும்?

ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. ரிலீவிங் லெட்டர்ல இருக்கிற தேதியை எடுங்க. பி.எஃப். இருந்தா, இ.பி.எஃப்.ஓ. மெம்பர் போர்ட்டல்ல View மெனுவுக்குள்ள Service History பாருங்க. சேர்ந்த தேதி, விலகின தேதி ரெண்டும் அங்க இருக்கும். பழைய கம்பெனி விலகின தேதியைப் போடாம விட்டிருந்தாலும் இப்பவே தெரியும்.

இது ஏன்னா, ரெஃபரன்ஸ் போன் வேற, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வேற. முதல்ல உங்க வேலையைப் பத்தி ஆள்கிட்ட கேட்பாங்க. ரெண்டாவதுல ஆவணத்தையும், பழைய கம்பெனி எச்.ஆர்.ஐயும் பார்ப்பாங்க. மேனேஜர் சொன்ன வருஷமும் ஆவணத்துல இருக்கிற வருஷமும் வேறயா இருந்தா, விளக்கம் நீங்கதான் சொல்லணும். சம்பளத்தை மெசேஜ்ல எழுத வேண்டாம். அது பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16-உம் சொல்ற விஷயம்.

ராஜினாமாவுக்கு முன்னாடி

ஆஃபர் லெட்டர்ல "வெரிஃபிகேஷன் திருப்தியா முடிஞ்சால் மட்டுமே" மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எச்.ஆர்.கிட்ட மெயில்லயே கேளுங்க: பழைய இடங்கள்ல விசாரிச்சு முடிச்சாச்சா? இப்போதைய கம்பெனியில என்னென்ன கேட்பீங்க? தேதியும் பதவியும் மட்டும்னா கவலை குறைவு. பழைய இடத்து விசாரணை பாக்கி இருந்தா, அது முடியிற வரைக்கும் பேப்பர் போடாம இருக்க முடியுமான்னு பாருங்க. நோட்டீஸ் பீரியட் முடிஞ்சு, ஆஃபரும் நின்னுபோனா, அடுத்த மாச இ.எம்.ஐ.க்குச் சம்பளம் வராது.

போன் முடிஞ்சதும் அவருக்கு நன்றி சொல்லுங்க. வேலை கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் முடிவைச் சொல்லுங்க. அந்தத் தம்பி சேர்ந்த அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டார்.