உணவுச் சந்தா: ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க எவ்வளவு செலவிடலாம்?

பெங்களூரு அலுவலகங்களுக்கு மாதச் சந்தாவில் மதிய உணவு அனுப்பும் ஒரு சிறு சமையற்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சாப்பாடு ஒன்றின் விலை, வரி நீங்கலாக, 120 ரூபாய். மாதத்திற்கு 22 சாப்பாடு. ஜூன் மாதத்தில் 100 பேர் புதிதாகச் சேர்ந்தனர். விளம்பரத்திற்கு ஆன செலவு 30,000 ரூபாய். ஆகவே தலைக்கு 300 ரூபாய்தான் செலவு என்று உரிமையாளர் மகிழ்கிறார்.

அக்கணக்கு முழுமையானதன்று. 400 பேருக்கு இலவசமாக அளித்த மாதிரிச் சாப்பாட்டின் அடக்கம் 36,000. முதல் மாதத் தள்ளுபடி 20,000. அலுவலகந்தோறும் சென்று பேசிய ஊழியரின் சம்பளம் 24,000. இவற்றையும் சேர்த்தால் மொத்தம் 1,10,000 ரூபாய். உண்மையான சேர்ப்புச் செலவு தலைக்கு 1,100 ரூபாய்.

இனி, அவ்வாடிக்கையாளரால் கிடைப்பது என்ன? மாதச் சந்தாத் தொகையை அப்படியே வருமானமாகக் கொள்ளுதல் தவறு. மளிகை, காய்கறி, பொட்டலம், விநியோகம் ஆகியவற்றுக்கு 90 ரூபாய் போக, சாப்பாட்டுக்கு 30 ரூபாயே மிஞ்சும். விடுப்பு, வீட்டிலிருந்து பணி என்று பலர் நடுவில் நிறுத்திவைப்பதால், 22 சாப்பாட்டில் சராசரியாக 18 மட்டுமே விலையாகிறது எனக் கொள்வோம். மாத மிச்சம் 540 ரூபாய்.

எத்தனை மாதம் நீடிப்பார் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறோம். பழைய வாடிக்கையாளரையும் புதியவரையும் ஒன்றாகக் கலந்து விலகல் விகிதம் கண்டால் அது குறைவாகவே தோன்றும். பழையவர்கள் எளிதில் விலகுவதில்லை. ஜூனில் சேர்ந்த நூற்றுவரை மட்டும் தனியே பின்தொடர்ந்தால் நிலை புலப்படும். இரண்டாம் மாதம் 60, பின்பு முறையே 48, 42, 38, 36 பேர் என்றால், ஆறு மாதங்களில் ஒருவர் சராசரியாக 3.24 மாதமே உண்கிறார். மதிப்பு ஏறத்தாழ 1,750 ரூபாய். ஆறு மாதத்திற்கு அப்பாலுள்ளதை, பதிவேட்டில் காணும்வரை, கணக்கில் சேர்க்காதிருப்பதே நலம்.

சேர்ப்புச் செலவு இம்மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது வணிகர் பலர் கொள்ளும் அளவு. எஞ்சியதிலிருந்தே வாடகையும் சமையற்காரர் சம்பளமும் வரவேண்டும். அவ்வாறாயின் இலக்கு சுமார் 580 ரூபாய். இப்போதைய 1,100 ரூபாயோ, மூன்றாம் மாத இறுதியில்தான் திரும்பி வருகிறது; அதுவரை நடைமுறை மூலதனம் முடங்கிக் கிடக்கும்.

மாதிரிச் சாப்பாட்டுக்கு அடக்க விலையை வாங்கினால் செலவு 740 ஆகும். தள்ளுபடியையும் நிறுத்தினால் 540. ஆனால் சேருவோரும் குறைவர். 80 பேரே சேர்ந்தால் விளம்பரமும் சம்பளமுமாகத் தலைக்கு 675 ரூபாய் விழும். இலக்கைச் சற்றுத் தாண்டியதே. எனினும் காசு கொடுத்துச் சுவைத்தவர்கள் இரண்டாம் மாதமும் நிலைப்பார்களானால் மதிப்பும் உயரும். அதை அடுத்த மாதம் சேருவோரின் தனிப் பதிவே காட்டும்.