சீலிங்குக்குள் செத்த எலி: இடத்தைக் கண்டுபிடிக்கவும், நாற்றம் போகும்வரை சமாளிக்கவும்

எலி கேக் வைத்து நாலைந்து நாளில் எலி நடமாட்டம் நிற்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் வீட்டில் ஏதோ ஒரு மூலையிலிருந்து நாற்றம் கிளம்பும். விஷம் தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். உடம்பு தளர்ந்த எலி தனக்குப் பழகிய இருட்டு மூலைக்குத்தான் போகும். அது பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அல்லது கப்போர்டுக்குப் பின்னால் இருக்கும்.

1. எலிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் வாசனைப் பொருளும் அழுகல் நாற்றம்தான் அடிக்கும். அடுப்பு, ரெகுலேட்டர் பக்கம் நாற்றம் கூடினால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள். எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். சுவிட்ச்போர்டிலிருந்து மீன் கவிச்சி போல அடித்தால் உள்ளே பிளாஸ்டிக் சூடாகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். புழங்காத குளியலறையில் தரையிலுள்ள ஜாலிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடைக் காற்று மேலே வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிய பிறகு நாற்றம் அடங்கினால் காரணம் அதுதான். மூஞ்சூறு உயிரோடு இருக்கும்போதே வீச்சம் அடிக்கும், ஆனால் அந்த வீச்சம் அது ஓடிய வழியில் வந்து போய்விடும். செத்த எலியின் நாற்றம் ஒரே இடத்தில் நிற்கும். முதல் சில நாட்கள் நாளுக்கு நாள் ஏறும், மதிய வெயிலில் இன்னும் கூடும்.

2. சுவருக்குள்ளேயே செத்திருக்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நம் வீடுகளில் சுவர் பெரும்பாலும் செங்கல் கட்டிப் பூசியது. அதற்குள் எலி போக இடமே கிடையாது. சுவிட்ச்போர்டு ஓட்டையில் நாற்றம் அடிப்பதற்குக் காரணம் சுவருக்குள் போகும் வயர் பைப். அதன் மேல் முனை சீலிங்கில் திறந்திருந்தால், மேலே அழுகுவதன் காற்று பைப் வழியாகப் போர்டுக்கு இறங்கிவிடும். இதை அறியாமல் சுவரை உடைத்தால் பூச்சு வேலைதான் மிஞ்சும். எலி நிஜமாக இருக்கக்கூடிய இடங்கள் வேறு. ஃபால்ஸ் சீலிங், பரண், மாடுலர் கிச்சனின் அடிப்பலகைக்குப் பின்புறம், ஏசியின் உள் யூனிட், பிரிட்ஜின் பின்னால் வெதுவெதுப்பாக இருக்கும் கம்ப்ரசர் பகுதி, வாஷிங் மெஷினின் அடிப்பக்கம், குளியலறைப் பைப்புகள் இறங்கும் டக்ட் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். நகர்த்தக்கூடியவற்றை முதலில் நகர்த்திப் பாருங்கள். பிரிட்ஜை ஓரடி இழுத்ததும் பிரச்சினை முடிந்துபோன வீடுகள் உண்டு.

3. மூக்கைச் சரியான நேரத்தில் பயன்படுத்துங்கள். நாற்றம் உள்ள அறையில் சில நிமிஷம் நின்றாலே மூக்கு பழகிவிடும், பிறகு எங்கே முகர்ந்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ராத்திரி அந்த அறையின் ஜன்னல், கதவு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் மூடி அணைத்து வையுங்கள். காலையில் வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு, நேராக அறைக்குள் வந்து முதல் சில மூச்சில் முடிவு செய்யுங்கள். மறுபடி வெளியே போய் வந்து அடுத்த மூலையைப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது தேடுவது வீண், காற்று நாற்றத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும்.

4. கவர் ஒட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வழிகளில் நம்பகமானது இதுதான். நாற்றம் பூச்சையோ பலகையையோ துளைத்து அதிகம் வருவதில்லை, பெரும்பாலும் இருக்கிற ஓட்டை வழியாகவே வருகிறது. அதனால் சந்தேகப்படும் ஓட்டைகளை மட்டும் வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங் லைட்டின் விளிம்பு, ஏசி பைப் நுழையும் துளை, திரைச்சீலைக்கு மேலுள்ள பெட்டி, கப்போர்டின் பின்பலகை இடுக்கு, சுவிட்ச்போர்டின் ஓரம் ஆகியவை போதும். ஒவ்வொன்றின் மேலும் சுத்தமான பிளாஸ்டிக் கவரை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து, ஒவ்வொரு கவரின் ஒரு மூலையை மட்டும் பிரித்து முகருங்கள். நாற்றம் கவருக்குள் தேங்கியிருப்பதால் எந்தத் துளை என்பது சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் அந்தத் துளைக்கு நேர் பின்னால்தான் எலி இருக்கும் என்று அர்த்தமில்லை. அந்தத் துளை திறக்கிற வெற்றிடத்தில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான்.

என் அக்கா வீட்டில் இப்படித்தான் பிடித்தோம். படுக்கையறையில் சுவிட்ச்போர்டு சுவரில் நாற்றம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சுவரைக் கொத்த ஆள் சொல்லியாகிவிட்டது. கவர் ஒட்டிப் பார்த்ததில் சுவிட்ச்போர்டில் லேசாக இருந்தது, கட்டிலுக்கு மேலே இருந்த லைட்டில் அதைவிடக் கூடுதல், அலமாரிக்குப் பக்கத்து லைட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. அந்த லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் செல்போனை நீட்டி வீடியோ எடுத்தோம். ஏசியின் செப்புப் பைப் வெளிச்சுவரிலிருந்து சீலிங்குக்குள் வரும் இடத்தில், பைப்பைச் சுற்றிய கறுப்பு ஃபோமைக் கடித்துக் கூடு கட்டி, அதிலேயே செத்துக் கிடந்தது ஒரு பெரிய எலி. சுவிட்ச்போர்டு பைப்பின் மேல் வாய் அதற்கு இரண்டடி தள்ளித் திறந்திருந்தது. சுவரைக் கொத்தியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

5. ஈக்களைக் கவனியுங்கள். நீலமாகவும் பச்சையாகவும் மின்னும் பெரிய ஈக்கள் செத்த உடல் இருக்கும் இடத்தைத் தேடி வருபவை. முதல் சில நாட்களில் அவை எந்த லைட்டை, எந்த இடுக்கைச் சுற்றுகின்றன என்று பார்த்தால் வழி தெரியும். சுமார் இரண்டு வாரம் கழித்து ஜன்னல் கண்ணாடியில் அவை கூட்டமாக ஒட்டியிருந்தால், அவை உள்ளேயே பொரித்து வெளிச்சத்தைத் தேடி வந்தவை. அப்போது ஜன்னலடியில் தேடிப் பயனில்லை. அவை எந்த ஓட்டை வழியாக அறைக்குள் வருகின்றன என்று பாருங்கள். ஜிப்சம் பலகையில் புதிதாகப் பழுப்புக் கறை தெரிந்தால், அதற்கு நேர் மேலேதான் உடல் கிடக்க வாய்ப்பு அதிகம்.

6. சீலிங்குக்குள் பார்க்கும் முறை: மெயினை அணைத்துவிட்டு, உள்ளே பதித்த எல்.இ.டி. லைட்டை இரு பக்கமும் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தால், ஸ்பிரிங் மடங்கி வெளியே வரும். செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, நாலு திசையிலும் நிதானமாகத் திருப்புங்கள். போன் நுழையாத சின்ன ஓட்டையானால் போனில் இணைக்கும் வயர் கேமரா உதவும். சீலிங் மேல் ஏறுவதோ கையூன்றிச் சாய்வதோ கூடாது. ஜிப்சமும் பி.ஓ.பி.யும் ஆள் எடையைத் தாங்காது.

7. எடுக்கும்போது வெறும் கை படக்கூடாது. ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கைக்கு எட்டும் இடமானால் உடல் மேலும் எச்சத்தின் மேலும் நனையத் தெளித்து ஐந்து நிமிஷம் விடுங்கள். வயர் ஓடும் இடத்தில் ஊற்றாதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூச்சில் போகும். பிளீச்சோடு டாய்லெட் கிளீனரோ ஆசிட்டோ ஒருபோதும் சேரக்கூடாது, நச்சு வாயு வரும். உடலை இரட்டைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், அல்லது கவரில்லாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். தெருவில் எறிந்தால் அதைத் தின்னும் காக்கைக்கும் பூனைக்கும் நாய்க்கும் அந்த விஷம் ஏறும். எலி படுத்திருந்த ஃபோம், பஞ்சு, காகிதத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அதை விட்டால் உடல் போன பிறகும் நாற்றம் நிற்கும்.

8. கைக்கு எட்டாவிட்டால் வெட்டுவதா, காத்திருப்பதா? இடம் உறுதியாகத் தெரிந்து, நாற்றம் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால், ஜிப்சம் சீலிங்கில் ஓரடிச் சதுரம் வெட்டி எடுத்து ஒட்டுப்போடுவது பெரிய வேலையில்லை. இடம் தெரியாமல் வெட்ட ஆரம்பிக்காதீர்கள். சுண்டெலியானால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். வீட்டு எலிக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பெருச்சாளியோ ஈரமான இடமோ என்றால் ஒரு மாதத்தைத் தாண்டலாம். மொட்டை மாடிக்குக் கீழே கொதிக்கும் வெற்றிடத்தில் நாற்றம் கடுமையாக இருந்தாலும் சீக்கிரம் வற்றும். அறையில் கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ளவரோ படுத்தால் காத்திருக்காமல் அவர்களை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

9. காத்திருக்கும் நாட்களில் காற்றைச் சரியாக ஓட்டுங்கள். பலர் ஜன்னலை மூடிக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் போடுகிறார்கள். வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும், ஜன்னல் மூடியிருந்தால் அது சீலிங் ஓட்டைகள் வழியாக நாற்றத்தோடு இறங்கும். எதிர்ப்பக்க ஜன்னலை முதலில் திறந்துவிட்டு எக்ஸாஸ்டைப் போடுங்கள். லைட்டின் விளிம்பையும் பைப் துளையையும் டேப்பால் அடைத்து வைத்தால் அறைக்குள் வருவது நிறையக் குறையும். டேப் ஒட்டிய லைட்டைப் போட வேண்டாம், அது சூடாகும். ஸ்பிளிட் ஏசி இருக்கிற காற்றையே சுழற்றுவதால் நாற்றத்தை வெளியே தள்ளாது. ஆக்டிவேட்டட் கார்பன் பைகளை லைட் ஓட்டை வழியாக உள்ளே வைத்தால் நாற்றத்தை ஓரளவு ஈர்க்கும். அடுப்புக்கரி அதைவிடக் குறைவாகவே ஈர்க்கும். ஊதுவத்தியும் சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் நாற்றத்தின் மேல் இன்னொரு மணத்தைப் பூசுவதோடு சரி, புகை மூச்சுக்குத் தொல்லை வேறு. திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் நாற்றத்தைப் பிடித்துவைக்கும், அவற்றைக் கழற்றித் துவைத்து வேறு அறையில் வையுங்கள்.

10. புழு விழுந்தால் பயப்படாதீர்கள். ஒரு வாரம் கழித்து வெள்ளைப் புழுக்கள் லைட் ஓட்டை வழியாகத் தரையில் விழலாம். அவை உடலைத் தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகக் காய்ந்த இடம் தேடுபவை. ஈரத் துணியால் எடுத்துச் சூடான சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அவை விழும் இடத்துக்கு மேலே சீலிங்கில் ஒரு வழி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

11. நாற்றம் அடங்கியதும் நுழைவழியை அடையுங்கள். சுண்டெலிக்கு ஒரு சுண்டுவிரல் பருமனுக்கும் குறைந்த இடுக்கே போதும். ஏசி பைப் துளையைச் சுற்றி ஸ்டீல் உல்லைத் திணித்து அதன் மேல் சிமென்ட் பூசுங்கள், வெறும் ஃபோமை எலி கடித்துவிடும். சீலிங் உள்ள வீட்டில் அடுத்த முறை விஷத்தைத் தொடாமல் கூண்டுப்பொறியையோ அடிக்கும் எலிப்பொறியையோ வையுங்கள். பொறியில் சிக்கிய எலி எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியதில்லை.