வாடையும் சோளகமும்: ஒரு வழிகாட்டியின் ஆண்டுக்கணக்கு

மாத முடிவிற் சம்பளம் பெறுவோர்க்கு ஆண்டு பன்னிரண்டு சம கூறுகளாகப் பிரிந்து கிடக்கின்றது. உழவனுக்கும் மீனவனுக்கும் அஃது அவ்வாறன்று. உல்லாசப் பிரயாணிகளுக்கு வழிகாட்டுவோனுக்கும் அவ்வாறன்று. இத்தொழிலை நாடும் நம் மாணவர் முதலிற் கற்கவேண்டியது ஆங்கிலப் பேச்சன்று, காற்றின் கணக்கே.

நம் தீவில் இரு பருவக்காற்றுகள் பிரயாணிகளின் போக்கை வகுக்கின்றன. தெற்கிலும் மேற்கிலுமுள்ள கடற்கரைகள் டிசெம்பர் முதல் மார்ச் வரை அமைதியுற்றிருக்கும். திருகோணமலை முதலிய கிழக்குக் கரைகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை நற்காலம். நாடு முழுவதற்குமான அனுமதிப்பத்திரம் பெற்ற தேசிய வழிகாட்டி, காற்றோடு கரை மாறித் தொழில் செய்யலாம். ஒரு பிரதேசத்துக்கு அல்லது ஒரு தலத்துக்கு மட்டும் அனுமதி பெற்றவனோ அவ்விடத்துப் பருவத்தோடு கட்டுண்டவன். ஆதலால், எவ்வகை அனுமதியை நாடுவது என்பதைத் தீர்மானிக்குமுன், தன் ஆண்டின் எத்தனை மாதங்கள் வெறுமையாய் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எல்லாரும் காட்டுவதையே தானும் காட்டுபவன், கட்டணத்தைக் குறைத்தே வேலை பெறுவான். குறைந்ததை ஈடுசெய்யக் கடைக்காரரின் தரகுப்பணத்தை நம்புவான். அவனை விலக்கி ஒருவனைப் பெயர்சொல்லிப் பிரயாணிகள் தேடி வரவேண்டுமாயின், அவனிடம் பிறரிடம் இல்லாத அறிவொன்று இருத்தல் வேண்டும். நம் வடபுலத்துக்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டை ஆராய்வோம்: பறவை காட்டுதல்.

பறவை நாடி இலங்கைக்கு வருவோர் பெரும்பாலும் இத்தீவுக்கே உரிய பறவையினங்களைக் காண வருகின்றனர். அவை மிகுதியாய் வாழ்வன சிங்கராசா போன்ற ஈரவலயக் காடுகள். யாழ்ப்பாணத்தில் அவ்வினங்களைத் தேடுவது வீண். இதை மறைத்து அவர்களை வடக்கே அழைப்பவன் ஒருமுறை பணம் பெறுவான். மறுமுறை அழைப்புப் பெறான். நம்மிடம் உள்ளவை வேறு. வட துருவத்தை அண்டிய நிலங்களிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் கரைப்பறவைகளும், ஊசிவால் வாத்து முதலிய நீர்ப்பறவைகளும், பூநாரைக் கூட்டங்களும் மண்டைதீவு, அராலிப் பாலவீதிகளின் அருகிலும் மன்னாரை அடுத்த வங்காலையிலும் கூடுகின்றன. வங்காலைச் சரணாலயம் 2010 இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இவற்றோடு, இந்தியாவிற் சாதாரணமாகவும் இலங்கையில் வறண்ட வடபாகத்தில் மட்டுமே பெரும்பாலும் காணப்படுபவையுமான கௌதாரி போன்ற சில இனங்களும் உண்டு.

ஆகவே, வருபவர் யாவர் என்பதை அறிந்தே பிரயாணத்தை வகுத்தல் வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இதற்குமுன் எந்நாடுகளிற் பறவை பார்த்தீர்கள்? இனங்களை எண்ணிப் பட்டியல் நிரப்ப விரும்புகிறீர்களா, படம்பிடிக்க விரும்புகிறீர்களா? வடக்கில் எத்தனை நாள் தங்குவீர்கள்? இந்தியாவைச் சுற்றியவருக்குக் கௌதாரி புதுமையன்று. இலங்கைப் பட்டியல் எழுதுவோர்க்கு அதுவே ஒருநாட் பயணத்தின் பயனாகலாம். படம்பிடிப்பவர் ஒரே பறவையின் முன் மூன்று மணிநேரம் அசையாதிருப்பார். பட்டியல்காரர் பதினைந்து நிமிடத்தில் அடுத்த இடத்துக்குப் போக விழைவார். இவ்விருவரையும் ஒரே வாகனத்தில் ஏற்றினால் இருவரும் மனங்குறைந்தே திரும்புவர்.

இனி, காலம். பருவம் நவெம்பர் முதல் மார்ச் வரை என்று கூறுதல் எளிது; ஆயின் அவ்வைந்து மாதங்களும் ஒரே தன்மையன அல்ல. நாம் அறிந்த இளைஞரொருவர் டிசெம்பர்த் தொடக்கத்திற் சிலரை வங்காலைக்கு அழைத்துச் சென்றார். முன்வாரம் பெருமழை. நீர் எங்கும் பரந்து கிடந்தது; பறவைகள் சிதறிப்போயின. அவர் குறித்த இடத்தில் வெறும் நீரே இருந்தது. பிழை அவருடைய கண்ணில் அன்று, கணக்கில். சிறு கரைப்பறவைகளுக்குக் கணுக்கால் நீர்கூட ஆழமே. வாடைக்காற்று மழை ஓய்ந்து தைக்குப்பின் நீர் வற்ற வற்ற, எஞ்சிய ஆழமற்ற இடங்களில் அவை நெருங்கித் திரளும். நெடுங்காற் பூநாரையும் நீந்தும் வாத்தும் சற்று ஆழமான நீரிலும் மேயும்.

இதனை அறிய நூல் போதாது, குறிப்பேடு வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே இடங்களுக்குச் சென்று, மதகுக் கல்லில் நீர் எவ்வளவு உயரம் நிற்கின்றது, எவ்வினம் எத்தனை என்று எழுதுக. மூன்றாண்டு எழுதியவன், “பெப்ரவரி இரண்டாம் வாரம் வாருங்கள், காலையில் இப்பாலத்தின் கிழக்கே நிற்போம், சூரியன் நமக்குப் பின்னே இருப்பான்” என்று துணிந்து மறுமொழி எழுதுவான். பிரயாணி தேடி வருவது அம்மறுமொழியை எழுத வல்லவனையே. அன்றியும், கிட்டப்போகும் ஆசையை அடக்கக் கற்றுக்கொள்க. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலைதூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நாம் எல்லை மீறிவிட்டோம் என்பது பொருள். அவ்விடத்திலேயே நின்றால் அவை அமைதியுறும். இன்னும் ஓரடி வைத்தால் பறந்துவிடும்.

சோளகம் வீசும் மாதங்களில் இப்பறவைகளிற் பெரும்பாலன இங்கில்லை. அக்காலத்துக்கு இரண்டாவது அறிவொன்று வேண்டும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தையொட்டி, பிறநாடுகளிற் குடியேறிய நம்மவர் பிள்ளைகளோடு வருகின்றனர். தமிழ் நன்கறியாத பிள்ளைகளுக்குக் கோயிலையும் கோட்டையையும் பாட்டன் வாழ்ந்த தெருவையும் விளக்க வல்லவன் அரியன். நெடுந்தீவுப் பயணத்தை மட்டும் காற்றுப் பார்த்தே ஒப்புக்கொள்ளுதல் நன்று. சோளகத்திற் கடல் கொந்தளிப்பதுண்டு.

இப்பொழுது வரவுக்கணக்கை ஓர் உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். ஒருநாட் கட்டணம் 15,000 ரூபா என்று வைத்துக்கொள்க. வாடைக்காலத்து ஐந்து மாதங்களில் மாதம் 12 நாள் வீதம் 60 நாள் வேலை. வரவு 900,000 ரூபா. ஜூலை, ஓகஸ்டில் 15 நாள். வரவு 225,000 ரூபா. மொத்தம் 1,125,000. அனுமதிப்பத்திரம், தொலைநோக்கி, குறிப்பெடுக்கச் செல்லும் நாட்களின் செலவு ஆகியவற்றுக்கு 225,000 கழித்தால் எஞ்சுவது 900,000. பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 75,000 ரூபா. ஜனவரியில் 180,000 ரூபா கையிற் புரளும்பொழுது தன்னை அத்தொகைக்குரியவன் என்று எண்ணுபவன், மே மாதத்திற் கடன்படுவான். அவனுடைய உண்மைச் சம்பளம் 75,000 தான். அதையே மாதந்தோறும் எடுத்து, மிகுதியை வேறு கணக்கில் இடுதல் வேண்டும்.

அதிலும் 65,000 ரூபாவிற் குடும்பம் நடத்தி மாதம் 10,000 மீத்தால், ஓராண்டுச் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்குக்கூடப் போதாது. இதை நாம் வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை. 2018 இல் இத்தீவுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தனர். 2019 ஏப்ரிற் குண்டுவெடிப்புகளும் பின்னர் பெருந்தொற்றும் வந்தபின், 2021 இல் வந்தோர் 2 இலட்சத்திலும் குறைவு. தனித்திறமை வெறுமையான மாதங்களை நிரப்பும். வெறுமையான ஆண்டுகளை நிரப்பாது. ஆகையால் இத்தொழிலுக்கு வருவோர், தோட்டமோ கற்பித்தலோ மொழிபெயர்ப்போ, பிரயாணியை நம்பாத கைத்தொழில் ஒன்றையும் கைவிடாதிருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. குறிப்பேட்டை மட்டும் அவ்வாண்டுகளிலும் நிறுத்தற்க. பிரயாணி வாராத ஆண்டிலும் பறவை வருகின்றது.