புதிய சட்டத்தரணியின் முதல் அறிவிப்பு: எதை எழுதலாம், எதை விடவேண்டும்?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். அண்மையில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியானேன். பதுளை நகரில் ஒரு சிறு அறை எடுத்திருக்கிறேன். சத்தியப்பிரமாண நாளில் எடுத்த படத்தை முகநூலில் போட்டு, அதன் கீழே இப்படி எழுத நினைக்கிறேன்: ‘தோட்டத்தின் மகள், இன்று உங்கள் சட்டத்தரணி! தொழில் வழக்கு நிபுணர், நொத்தாரிசு. சேமலாப நிதி, பணிக்கொடை, காணி, விவாகரத்து, பிணை எல்லாவற்றுக்கும் நிச்சயத் தீர்வு. முதல் ஆலோசனை இலவசம். எந்த நேரமும் அழைக்கலாம்.’ சட்டத்தரணிகள் விளம்பரம் செய்யக் கூடாது என்று நண்பி ஒருத்தி பயமுறுத்துகிறாள். நான் வந்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்வதும் தவறா? – வாசகி, பதுளை

பதில்: வந்திருக்கிறேன் என்று சொல்வது தவறல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பாதி அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது. அதை வரிவரியாகப் பார்ப்போம்.

நம் நாட்டுச் சட்டத்தரணிகளின் நடத்தையையும் ஒழுக்க முறையையும் ஆளுபவை, அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் ஆக்கி 1988 டிசம்பரில் அதி விசேட வர்த்தமானியில் வெளியிட்ட விதிகள். அவற்றில் 60ஆம், 61ஆம் விதிகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நற்பெயரும் திறமையும் உள்ள சக சட்டத்தரணிகள் இழிவானது, கண்ணியக் குறைவானது என்று நியாயமாகக் கருதும் எந்தச் செயலையும் செய்யக் கூடாது. தொழிலுக்குத் தகாத முறையில் நடக்கக் கூடாது. இவ்விரண்டின் சாரம் இதுதான். அளவுகோல் சக சட்டத்தரணியின் கண் என்பதால், இதை எழுதினால் எத்தனை வழக்கு வரும் என்று யோசிப்பதற்கு முன், பதுளை நீதிமன்றச் சட்டத்தரணிகள் அறையில் இந்த வரியைச் சத்தமாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தகவல் தரும் வரி அந்த அறையில் தாங்கும். வழக்கைத் தன்பக்கம் இழுக்கும் வரி தாங்காது.

‘நொத்தாரிசு’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். சட்டத்தரணியாகப் பதிவானதும் நொத்தாரிசுப் பதவி தானாக வந்துவிடுவதில்லை. நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்குத் தனியாக அதிகாரப் பத்திரம் பெறவேண்டும். அது கைக்கு வரும்வரை அப்படி எழுதுவது பொய். அதை நம்பி ஒருவர் காணி உறுதி எழுத வந்துவிட்டால், பொய்யோடு நிற்காத ஆபத்தாகவும் ஆகிவிடும்.

‘நிபுணர்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். சத்தியப்பிரமாணம் செய்து சில வாரங்களே ஆன ஒருவர் தொழில் வழக்கில் நிபுணராக இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், எதிர்த்தரப்புக் கம்பனியின் சட்டத்தரணிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ‘நிச்சயத் தீர்வு’ அதைவிட மோசம். எந்த வழக்கின் முடிவும் நம் கையில் இல்லை. உறுதி கொடுத்துப் பணம் வாங்கி, பிறகு வழக்குத் தோற்றால் வரும் முறைப்பாட்டுக்கு உங்கள் வரியே முதல் சாட்சியாக இருக்கும்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் முன்வரிசையில் வைத்திருக்கிறீர்கள். தோட்டத்து மக்கள் அதிகம் கேட்பது அவற்றைத்தான் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டையும் பெறப் பெரும்பாலும் சட்டத்தரணி தேவையில்லை. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியான நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி என்ற கணக்கில் பணிக்கொடை சேரும். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தோட்ட நிர்வாகம் அதைக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். அறவிடும் அதிகாரம் திணைக்களத்துக்கே உண்டு, தேவையானால் நீதவான் நீதிமன்றம் வரை அதுவே கொண்டுபோகும். சேமலாப நிதி செலுத்தாமல் விட்டாலும் அதே வாசல்தான். கொழுந்து பறித்து முதுகு வளைந்த ஒரு அம்மா, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு உங்கள் அறிவிப்பைப் பார்த்துக் கட்டணம் செலுத்தினால், அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர் ஏமாற்றப்பட்டவர்தான். அவர் உங்களிடம் வந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்புங்கள். அறிவிப்பில் ‘தொழில் விடயங்கள்’ என்ற ஒரு சொல் போதும்.

சட்டத்தரணி உண்மையில் தேவைப்படும் இடம் வேலைநீக்கம். அங்கேதான் உங்கள் ‘எந்த நேரமும் அழைக்கலாம்’ என்ற வரி ஆபத்தாகிறது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போடவேண்டும். ஒரு உதாரணம் பாருங்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருவரை மார்ச் 2ஆம் திகதி வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். தோட்டத் தலைவர் பேசிப் பார்க்கிறார், மாவட்ட அலுவலகம் பேசிப் பார்க்கிறது, துரை அடுத்த மாதம் வா என்கிறார். இப்படியே ஆகஸ்ட் கடைசி வந்துவிடும். யாரோ உங்கள் அறிவிப்பைக் காட்ட, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பதுளைக்கு வருகிறார். கதவு பூட்டியிருக்கிறது. அழைத்தால் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் வரும்போது அந்த 6 மாதம் கழிந்திருக்கும். காலம் கடந்த விண்ணப்பம் என்பதைக் கம்பனித் தரப்பு முதல் ஆட்சேபனையாகவே எடுக்கும். அவருடைய வழக்கு அதன் நியாயம் விசாரிக்கப்படாமலே முடிந்துபோகலாம்.

அதனால் சந்திக்கும் நேரத்தை அழகுக்காக எழுதாதீர்கள், கடைப்பிடிக்கக் கூடியதை எழுதுங்கள். வார நாட்களில் காலையில் நீங்கள் பதுளையிலோ பண்டாரவளையிலோ வெலிமடையிலோ நீதிமன்றத்தில் நிற்பீர்கள். தொழிலாளிக்கும் அந்த நேரம் மலையில் வேலை. ஆக, வார நாட்களில் பிற்பகலும் ஞாயிறு காலையும்தான் இரு பக்கத்துக்கும் பொருந்தும். கடைசி பஸ்ஸை விட்டால் பசறைக்கு அப்பால் உள்ளவர்கள் திரும்ப முடியாது என்பதால், ஞாயிறு நேரத்தை மாலையில் வைக்காதீர்கள். போயா நாள் திறந்திருக்குமா இல்லையா என்பதையும் போடுங்கள். வர முடியாத நாளை முன்கூட்டியே அதே இடத்தில் அறிவியுங்கள்.

‘முதல் ஆலோசனை இலவசம்’ என்ற வரி நல்ல மனதில் பிறந்தது என்று நம்புகிறேன். வாங்க முடியாதவரிடம் வாங்காமல் இருங்கள், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அதை அறிவிப்பாகப் போட்டால் அது ஆள் சேர்க்கும் தூண்டிலாகிவிடும். 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவர்களுக்காகவே இருக்கிறது. அந்த வழியை வருபவருக்குச் சொல்லுங்கள்.

‘தோட்டத்தின் மகள்’ என்பதில் உங்களுக்கு உள்ள பெருமையை மதிக்கிறேன். அந்தப் பெருமையைக் குடும்பப் படத்தின் கீழே எழுதுங்கள், தாராளமாக. தொழில் அறிவிப்பில் அது ‘நம்மாள், நம்மாளிடமே வாருங்கள்’ என்று கேட்பதாகிவிடும். அமைச்சரோடோ தொழிற்சங்கத் தலைவரோடோ நிற்கும் படத்தையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

நடைமுறைத் துறைகளைக் குறிப்பிடலாமா என்பதுதான் கருத்து வேறுபாடு உள்ள இடம். பெயரும் ‘சட்டத்தரணி’ என்ற சொல்லும் போதும் என்பது நம் பழைய வழக்கம். இந்தியாவிலும் பெயர்ப்பலகையில் குறிப்பிட்ட வகை வழக்கில் தேர்ந்தவர் என்று காட்டக் கூடாது என்பதே வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி. பிறகு 2008இல் அங்கே ஒரு தளர்வு வந்தது: தம் இணையப் பக்கத்தில் பெயர், முகவரி, பதிவு விவரம், தகுதி, நடைமுறைத் துறை ஆகியவற்றை வழக்கறிஞர்கள் தரலாம். அமெரிக்காவில் கதை வேறு. அரிசோனாவில் இரண்டு இளம் சட்டத்தரணிகள் 1976இல் கட்டண விவரத்தோடு பத்திரிகை விளம்பரம் கொடுக்க, ஒழுங்கு நடவடிக்கை வந்து, 1977இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பேச்சுரிமையை ஏற்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கே தப்ப முடியாது. என் கருத்தில், ‘தொழில், குடும்ப, காணி, குற்றவியல் விடயங்கள்’ என்று அடைமொழி இல்லாமல் சொல்வது தகவல்தான். தோட்டத்திலிருந்து அரைநாள் பயணம் செய்து வருபவருக்கு அது உதவும். ஆனால் உங்கள் மூத்தவர்கள் ஆட்சேபித்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள். பெயரும் முகவரியும் நேரமும் இருந்தால் வேலை நடக்கும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

(பெயர்), சட்டத்தரணி.
(அறை இலக்கம், வீதி), பதுளை.
தொழில், குடும்ப, காணி, குற்றவியல் விடயங்கள். தமிழிலும் சிங்களத்திலும் பேசலாம்.
சந்திக்கும் நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 4.00 – 6.00, ஞாயிறு காலை 9.00 – பகல் 1.00. போயா நாட்களில் மூடியிருக்கும்.
தொலைபேசி: (இலக்கம்)

மொழி பற்றிய வரியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். சிங்களத்தில் நடக்கும் வழக்கில் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. ஆனால் சட்டத்தரணியிடம் தன் கதையைத் தன் மொழியில் சொல்ல முடியுமா என்பதுதான் லயத்திலிருந்து வருபவரின் முதல் கேள்வி. சிங்களம் சரளமாக வராவிட்டால் அதைப் போடாதீர்கள்.

பதிவு போட்ட பிறகுதான் பலர் வழுக்குகிறார்கள். கீழே ஒருவர், ‘தங்கச்சி, என் தம்பியைப் பொலிஸ் பிடித்துவிட்டது, என்ன செய்யலாம்?’ என்று முழுக் கதையையும் எழுதுவார். அங்கே பதில் எழுதத் தொடங்காதீர்கள். கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொல்வதைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது, ஊர் முழுக்கப் படிக்கும் இடத்தில் சொன்னதற்கு அந்தக் காவல் கிடையாது. நேரில் வரச் சொல்லி, அவர் எழுதியதை அழிக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே வேறு சட்டத்தரணி வைத்திருப்பவர் எழுதினால், அந்தச் சட்டத்தரணியின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. பஸ் நிலையக் கடைக்காரரிடமோ தோட்டத் தலைவரிடமோ, ஆள் அனுப்பினால் பங்கு தருகிறேன் என்று சொல்லிவிட்டு முகநூலில் மட்டும் ஒழுங்காக எழுதிப் பயனில்லை. தரகர் வைத்து வழக்குப் பிடிப்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய குற்றம். நண்பர்கள் உங்கள் பதிவைப் பகிரும்போது ‘பதுளையின் சிறந்த லோயர்’ என்று சேர்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதக் கூடாததைப் பிறர் வாயால் எழுதவிடுவதும் அதேதான்.

முறைப்பாடு வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டு 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ், முறைகேடாக நடக்கும் சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு முகநூல் வரிக்காகப் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் தொழிலின் முதல் மாதத்திலேயே விளக்கக் கடிதம் எழுதும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

திருத்திய வாசகத்தை ஒரு தாளில் எழுதி, உங்கள் மூத்த சட்டத்தரணியிடமும் சட்டத்தரணிகள் சங்கத்தின் பதுளைக் கிளையில் பொறுப்பிலிருக்கும் ஒருவரிடமும் காட்டுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு போடுங்கள், போட்ட நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள்.